உடைச்சு ஊத்தின முட்டைக் குழம்பு: கரண்டியை எப்போ கீழே வைக்கணும்?

நாலு பேர், நாலு முட்டை, மாசக் கடைசி. இந்தக் கணக்குல இருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்குது. ஆம்லெட்னா ஒருத்தருக்குக் கொஞ்சம் கூட, ஒருத்தருக்குக் கொஞ்சம் குறைச்சல்னு சமாளிச்சுடலாம். ஆனா புளிக்குழம்பு கொதிக்கும்போது முட்டையை அப்படியே உடைச்சு ஊத்தி வேக வைக்கிற குழம்புல, ஒரு முட்டை கலைஞ்சா ஒருத்தன் பங்கு போச்சு. அன்னிக்கு எங்க ரூம்ல நாலுமே கலைஞ்சுது.

ரெண்டாம் வருஷம் ஸ்ரீரங்கத்துல கோயிலை ஒட்டின ஒரு தெருவுல தங்கியிருந்தோம். "முட்டைகூட சமைக்கக் கூடாது தம்பி" என்பது வாடகை பேசும்போதே வந்த நிபந்தனை. அந்தப் பக்கத்துல அது சகஜம்தான், நாங்களும் ஒத்துக்கிட்டுத்தான் போனோம். அடுத்த வருஷம் மாம்பழச்சாலை பக்கம் ரூம் மாறினதும், ஒரு வருஷ ஏக்கத்துக்குச் சேர்த்து முதல் ஞாயிற்றுக்கிழமையே இந்தக் குழம்பு வெச்சோம். குழம்பு நல்லாத்தான் கொதிச்சுது. முட்டையை ஊத்தினேன். அடி பிடிச்சுடுமோன்னு பயந்து கரண்டியை விட்டு ஒரு சுத்து சுத்தினேன். அவ்வளவுதான். வெள்ளை, நூல் நூலாப் பிரிஞ்சு குழம்பு முழுக்கப் பரவிடுச்சு. சிவப்பா இருந்த குழம்பு வெளிறிப் போய், ஒரு பச்சை முட்டை வாடை வேற. "டேய், இது சைனீஸ் சூப்புடா"ன்னான் ரூம்மேட். அவன் சொன்னது சரிதான். சீனாவுல கொதிக்கிற சூப்ல அடிச்ச முட்டையை மெல்லிசா ஊத்திக் கலக்கி, இதே நூலை வேணும்னே செய்வாங்க. நமக்கு வேண்டியது அது இல்ல.

சாயங்காலம் லால்குடிக்கு போன் போட்டு அம்மாகிட்ட கேட்டேன். அம்மா முட்டையைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. "உப்பு பாத்தியா? தேங்கா எப்ப ஊத்துன? முட்ட போட்டதுக்கு அப்புறம் எதுக்குடா கரண்டிய எடுத்த?" இந்த மூணு கேள்விதான். யோசிச்சுப் பாத்தா மூணும் ஒரே கேள்வி. கரண்டிக்கு என்னென்ன வேலை இருக்கோ, அது எல்லாம் முட்டை விழறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். உப்பு, தேங்காய், கொஞ்சம் வெல்லம், காரம் சரிபார்க்கிறது எல்லாம் கலக்கிவிட வேண்டிய வேலைகள். முட்டை உள்ளே போன பிறகு அதுல எதைச் செஞ்சாலும் முட்டைதான் பலி. இதை மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் ஏன் எதுக்குன்னு தானா புரியும்.

முதல்ல குழம்பு. நாலு முட்டைக்கு ஒரு எலுமிச்சை அளவு புளி, காந்தி மார்க்கெட்ல வாங்கின சின்ன வெங்காயம் ஒரு இருபது, ஒரு கை பூண்டு, ரெண்டு தக்காளி, மூணு ஸ்பூன் நல்லெண்ணெய், ரெண்டரை ஸ்பூன் குழம்பு மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள். கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளிச்சு, வெங்காயம் பூண்டு நல்லா சுருங்கற வரைக்கும் வதக்கி, தக்காளி கரைஞ்சதும் தூளைப் போட்டுப் பிரட்டி, புளித்தண்ணி முக்கால் லிட்டர் ஊத்தி, உப்பு போடணும். பச்சை வாசனை போய் எண்ணெய் ஓரத்துல மிதக்கிற வரைக்கும் பதினஞ்சு நிமிஷமாவது கொதிக்கட்டும். அப்புறம் மூணு ஸ்பூன் தேங்காயைக் கொஞ்சம் சோம்போட மைய அரைச்சு ஊத்தி, அஞ்சு நிமிஷம் கலக்கிவிட்டுக் கொதிக்க வைக்கணும். சில வீட்டுல தேங்காயைக் கடைசியா, முட்டை வெந்த பிறகு ஊத்துவாங்க. ருசிக்கு அது தப்பில்ல. ஆனா கலக்காம அதை எப்படிக் குழம்போட சேர்ப்பீங்க? முதல் தடவை செய்யறவங்க முன்னாடியே ஊத்திடறது உத்தமம்னு நான் சொல்வேன்.

தேங்காய் இன்னொரு வேலையும் செய்யுது. குழம்பு தண்ணியா இருந்தா முட்டை நேரா அடியில போய் உக்காரும், வெள்ளை நாலா பக்கமும் ஓடும். கெட்டியா இருந்தா மெதுவா இறங்கும், ஓட இடம் இருக்காது, விழுந்த இடத்துலயே குவிஞ்சு நிக்கும். எவ்வளவு கெட்டி? கரண்டியை முக்கி எடுத்து, அதோட முதுகுல விரலால ஒரு கோடு இழுங்க. கோடு மூடிக்காம அப்படியே நின்னா போதும். காதாலயும் கண்டுபிடிக்கலாம். தண்ணிக் குழம்பு 'சளசள'ன்னு கொதிக்கும். பதமான குழம்பு 'ப்ளக்... ப்ளக்'னு பெரிய பெரிய குமிழா, இடைவெளி விட்டுக் கொதிக்கும். ஆனா ரொம்பக் கெட்டியாகவும் விடாதீங்க, முட்டை வேகற நேரத்துல இன்னும் கொஞ்சம் இறுகும். அப்போ தண்ணி ஊத்தினா மறுபடி கலக்கணும், கதை முதல்ல இருந்து.

ஆழமும் முக்கியம். முட்டை மூழ்கணும், ஆனா அடியைத் தொட்டு நசுங்கக் கூடாது. நாங்க வெச்சிருக்கிறது 18 சென்டிமீட்டர் வாய் உள்ள அடிகனமான எவர்சில்வர் பாத்திரம். பரப்பு சுமார் 254 சதுர சென்டிமீட்டர். முக்கால் லிட்டர் குழம்பு அதுல கிட்டத்தட்ட மூணு சென்டிமீட்டர் நிக்கும். நாலு முட்டை சேர்ந்ததும் நாலு சென்டிமீட்டரைத் தொடும். இது சரியான அளவு. இதே குழம்பைப் பெரிய பிரியாணி அண்டாவுல வெச்சீங்கன்னா ஒரு சென்டிமீட்டர்தான் நிக்கும், முட்டை பாதி வெளியே தலை நீட்டிக்கிட்டு இருக்கும். பழைய அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளி அதைக் கரைச்சுக் குழம்புக்கு ஒரு உலோக ருசியைக் குடுத்துடும்.

அடுத்தது முட்டை. இங்கதான் எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்த ஒரு விஷயம் இருக்கு. முட்டையை உடைச்சுத் தட்டுல ஊத்திப் பாருங்க. மஞ்சளைச் சுத்தி கெட்டியா, ஜெல்லி மாதிரி ஒரு வெள்ளை நிக்கும். அதுக்கு வெளியே தண்ணி மாதிரி இன்னொரு வெள்ளை ஓடும். குழம்புல முட்டையைச் சேர்த்துப் பிடிக்கிறது அந்தக் கெட்டி வெள்ளைதான். முட்டை பழசாக ஆக, ஓட்டுல இருக்கிற நுண்துளைகள் வழியா கரியமில வாயு வெளியே போய்க்கிட்டே இருக்கும். உள்ளே காரத்தன்மை ஏறும், கெட்டி வெள்ளை மெல்ல இளகித் தண்ணியாகும். சூடு இதை வேகப்படுத்தும். திருச்சிக்கு முட்டைக்குக் குறைவே இல்ல, நாமக்கல் பக்கத்துலதான் இருக்கு. ஆனா மே மாசத்து வெயில்ல கடை வாசல்ல அட்டையோட வெந்துக்கிட்டு இருக்கிற முட்டை, தேதி கணக்குல புதுசா இருந்தாலும் குணத்துல பழசு. அன்னிக்கு நாங்க வாங்கினது அப்படி ஒரு அட்டையில இருந்துதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, அவிச்ச முட்டைக்கு இதே நேர்எதிர். ரொம்பப் புது முட்டையை அவிச்சா ஓடு உரியாது, வெள்ளையும் சேர்ந்து பிஞ்சு வரும். கொஞ்சம் நாளான முட்டை சுலபமா உரியும். அதனால வீட்டுல ரெண்டு விதமா முட்டை இருந்தா, பழசை அவிச்சுப் போடுங்க, புதுசை உடைச்சு ஊத்துங்க. எது பழசுன்னு தெரிய ஒரு சொம்புத் தண்ணி போதும். முட்டை அடியில படுத்துக்கிட்டா புதுசு. அடியில இருந்துக்கிட்டே எழுந்து நின்னா நாளானது, அதை அவிக்கலாம். மிதந்தா வேண்டாம், விட்டுடுங்க.

புது முட்டையிலகூட அந்த ஓடற வெள்ளை கொஞ்சம் இருக்கும். மேலே நூல் மாதிரி மிதக்கிறது அதுதான். அதுவும் வேண்டாம்னா, முட்டையை டீ வடிகட்டியில ஒரு பத்து விநாடி வெச்சு எடுத்தா, தண்ணி வெள்ளை கீழே போயிடும். நாங்க இதெல்லாம் செய்யறது இல்ல. அந்த நூல் ருசியாத்தான் இருக்கும், சாதத்தோட பிசையும்போது யாருக்கும் தெரியப் போறதும் இல்ல.

புளி இந்த வேலைக்கு எவ்வளவு உதவுதுன்னு பலருக்குத் தெரியாது. முட்டை வெள்ளையில இருக்கிற புரதங்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தோட இருக்கும். ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கிறதால சுலபமா சேராது. அமிலம் பட்டதும் அந்த மின்னூட்டம் குறையுது, தள்ளுறது நிக்குது, சூடு பட்டதும் சீக்கிரமே ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இறுகிடுது. வெளிநாட்டு சமையல்ல வெந்நீர்ல முட்டையை உடைச்சு ஊத்தும்போது கொஞ்சம் வினிகர் விடறது இதுக்குத்தான். துனிசியா பக்கம் தக்காளிக் குழம்புல முட்டையை உடைச்சு ஊத்தி ஷக்ஷுகானு செய்யறாங்க, பிரான்ஸ்ல பர்கண்டி பகுதியில சிவப்பு ஒயின்லயே வேக வைக்கிறாங்க. எல்லாத்துலயும் ஒரு புளிப்பு இருக்கிறதைக் கவனிங்க. நம்ம குழம்புல புளியோட டார்டாரிக் அமிலமும் தக்காளியும் சேர்ந்து அந்த வேலையைப் பாக்குது. உப்பும் கை குடுக்குது. அதனால குழம்புல விழுந்த ஒரு நிமிஷத்துக்குள்ள முட்டைக்கு மேல ஒரு தோல் பிடிக்கும். அந்த ஒரு நிமிஷம் அதைத் தொந்தரவு பண்ணாம இருந்தா போதும். ஆனா புளிப்பு அளவு மீறினா வெள்ளை ரப்பர் மாதிரி ஆகும், அதுக்கும் ஒரு எல்லை இருக்கு.

இப்போ சூடு. எல்லா முட்டையையும் ஒரேயடியா ஊத்தினா என்ன ஆகும்னு தெர்மோ வாத்தியார் சொல்லித் தந்த கணக்கைப் போட்டுப் பாத்தோம். குழம்பு 750 கிராம், 98 டிகிரி. முட்டை ஓடு நீங்கலாக 50 கிராம்னு வெச்சா நாலும் 200 கிராம், அறைச் சூடு 28 டிகிரி. அடுப்பை மறந்துட்டுக் கலவைச் சூடு பாத்தா சுமார் 85 டிகிரி வருது. முட்டை ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா வந்தா 81 கிட்ட இறங்கிடும். வெள்ளையில பாதிக்கு மேல இருக்கிற ஓவால்புமின்ங்கிற புரதம் இறுக 80 டிகிரிக்கு மேல வேணும். அதாவது விளிம்புல நிக்கிறோம். வெள்ளை இறுகத் தாமதமாகும், தாமதமாக ஆக அது பரவும். அதனால ஃப்ரிட்ஜ் முட்டைன்னா அரைமணி நேரம் முன்னாடியே வெளியே எடுத்து வைங்க, ஒண்ணு ஊத்தினதும் அரை நிமிஷம் விட்டு அடுத்ததை ஊத்துங்க.

அப்போ நல்லா தளதளன்னு கொதிக்கும்போது ஊத்தினா என்ன? அதுவும் ஆபத்து. சூடு போதும், ஆனா அடியில இருந்து வர்ற குமிழ் ஒவ்வொண்ணும் ஒரு கரண்டிதான். தோல் பிடிக்கிறதுக்கு முன்னாடியே அது முட்டையைக் கிழிச்சுடும். நல்லா கொதிச்ச குழம்பை, ஊத்தற நேரத்துல மட்டும் தணிச்சு, ஓரத்துல மட்டும் குமிழ் வர்ற நிலையில வைங்க. கேஸ் அடுப்புல இது சுலபம். இண்டக்ஷன் வெச்சிருக்கிறவங்க இதைக் கவனிக்கணும். பல இண்டக்ஷன் அடுப்புல பவரைக் குறைச்சா அது குறைச்சலா, ஆனா விடாம எரியறது இல்ல. சில விநாடி வேகமா ஓடும், சில விநாடி நிக்கும். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் குழம்பு பொங்கிக் கொதிக்கும். அடிகனமான பாத்திரம் இருந்தா இந்த ஏத்த இறக்கம் தெரியாது. மெல்லிசு பாத்திரம்னா, கொதிச்சதும் அடுப்பை அணைச்சுட்டு முட்டையை ஊத்தி, மூடி, ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி போடுங்க. மண்சட்டிக்கு இதுக்கு நேர்மாறான குணம். அணைச்ச பிறகும் அது பாட்டுக்குக் கொஞ்ச நேரம் கொதிச்சுக்கிட்டே இருக்கும், அதனால ரெண்டு நிமிஷம் முன்னாடியே அணைக்கணும்.

போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சதை அப்படியே சொல்றேன். தேங்காய் ஊத்திக் கொதிச்சதும் உப்பு பாத்தோம். ஒரு துளி தூக்கலா இருந்தா சரின்னு விட்டோம், முட்டைக்குத் தனியா உப்பு கிடையாது இல்லையா. மல்லித்தழையையும் அப்பவே போட்டாச்சு. தீயைக் குறைச்சேன். முதல் முட்டையை நேரா குழம்புல உடைக்காம, ஒரு சின்னக் கிண்ணத்துல உடைச்சேன். கெட்டதா இருந்தா தெரிஞ்சுடும், ஓட்டுத்துண்டு விழுந்தா எடுத்துடலாம், மஞ்சள் உடைஞ்சா அதைக் கடைசிக்கு வெச்சுக்கலாம். கரண்டி முதுகால குழம்புல ஒரு பள்ளம் மாதிரி அழுத்தி, கிண்ணத்தோட விளிம்பு குழம்பைத் தொடற அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய் மெதுவா சாய்ச்சேன். உயரத்துல இருந்து ஊத்தினா விழுற வேகத்துலயே பரவிடும். கடிகாரத்துல பன்னெண்டு மணி இருக்கிற இடத்துல ஒண்ணு, மூணுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு, ஒன்பதுல ஒண்ணு. நடுவுல காலியா விட்டேன், ஏன்னா எங்க பர்னர்ல நடுவுலதான் கொதி அதிகம். ஓரத்துக் குழம்பை ஸ்பூன்ல எடுத்து ஒவ்வொரு முட்டை தலையிலயும் ரெண்டு தடவை விட்டுட்டு, மூடி போட்டுக் கரண்டியைக் கழுவி வெச்சுட்டேன். கையில இருந்தா விட மனசு வராது.

மூணு நிமிஷம் மூடியைத் திறக்கவே இல்ல. அதுக்கு அப்புறம் துணியால பாத்திரத்தோட ரெண்டு காதையும் பிடிச்சு, இடமும் வலமுமா லேசா ஆட்டினேன். முட்டை குழம்போட சேர்ந்து அசைஞ்சா அடி பிடிக்கலைன்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் அசையல. முன்னாடியா இருந்தா உடனே கரண்டியை விட்டுக் கிளறியிருப்பேன். இப்போ தீயை இன்னும் தணிச்சுட்டு விட்டுட்டேன். வெள்ளை முழுசா இறுகினதும் தானாவே அடியை விட ஆரம்பிச்சுது, மிச்சத்துக்குத் தோசைத் திருப்பியை அடியோட ஒட்டித் தள்ளினதும் முழுசா வந்துடுச்சு.

கடைசி முட்டை விழுந்ததுல இருந்து அஞ்சு நிமிஷத்துல மஞ்சள் உள்ளே இளகியிருக்கும், எட்டு ஒன்பது நிமிஷத்துல இறுகிடும். இது எங்க பாத்திரத்துக் கணக்கு, உங்களுது ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம். ஸ்பூனால மேலே அமுக்கிப் பாருங்க. கன்னத்தை அமுக்கின மாதிரி இருந்தா உள்ளே இன்னும் இளகல், மூக்கு நுனி மாதிரி விறைப்பா இருந்தா வெந்தாச்சு. நம்பிக்கை இல்லைன்னா ஒரு ஈர்க்குச்சியைக் குத்தி எடுங்க, மஞ்சள் ஒழுகலைன்னா சரி. இளகின மஞ்சள் சாதத்தோட அருமையா இருக்கும்தான். ஆனா வெயில்ல நின்ன, எப்போ போட்டதுன்னே தெரியாத முட்டையில சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், மஞ்சள் 70 டிகிரிக்கு மேல சூடாகி இறுகினாத்தான் அது சாகும். அதனால எங்க ரூம்ல எட்டு நிமிஷம்தான், விவாதமே கிடையாது.

ஊத்தும்போதே மஞ்சள் உடைஞ்சா பதறாதீங்க. தொடாம விட்டா வெள்ளை அதைச் சுத்திப் பிடிச்சுக்கும், கொஞ்சம் மஞ்சள் கசிஞ்சு குழம்பைக் கெட்டியாக்கும், அவ்வளவுதான். அதைச் 'சரி பண்ண' கரண்டி வெச்சாத்தான் பக்கத்து முட்டையும் போகும்.

பரிமாறும்போது குழிக்கரண்டியை முட்டைக்கு மேல இருந்து விடாம, பாத்திர ஓரமா இறக்கி அடியில இருந்து தூக்குங்க. சூடா இருக்கும்போது வெள்ளை மிருதுவா இருக்கும், அடுப்பை அணைச்சு அஞ்சு நிமிஷம் விட்டா நல்லா பிடிச்சுக்கும்.

இன்னொண்ணு. புளிக்குழம்பு அடுத்த நாள்தான் ருசின்னு சொல்லி ராத்திரி முழுக்க வெளியே வெச்சுடறோம். முட்டை இல்லாத குழம்புல அது ஓடும், புளியும் உப்பும் எண்ணெயும் காப்பாத்தும். இதுல ஓடாது. அந்தப் புளிப்பு முட்டையோட மேல்தோல்ல மட்டும்தான் இருக்கு, உள்ளே மஞ்சள் வரைக்கும் போகல. திருச்சி சூட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியே வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லாத ரூம்னா, முட்டையை அன்னிக்கே சாப்பிட்டு முடிச்சுட்டு, வெறும் குழம்பை மட்டும் கொதிக்க வெச்சு அடுத்த வேளைக்கு எடுத்து வைங்க. காலையில இட்லிக்குத் தொட்டுக்க அந்தக் குழம்பு போதும், அதுல யார் பங்கும் குறையறது இல்ல.